முதல் ஆர்மோனியம் வாங்கப் போகிறீர்களா?

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். இப்போது அவர் செம்பனைத் தோட்டமொன்றில் லோரி ஓட்டுகிறார். மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகள் நான்காம் ஆண்டு மாணவி. வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக் கோயிலில் தேவாரம் பாடுகிறாள். பாட்டு சொல்லிக் கொடுக்கும் அம்மையார், "பிள்ளைக்குக் குரல் இருக்கிறது, வீட்டில் ஓர் ஆர்மோனியம் வைத்துப் பழகட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

"சார், மூனு வருசமா டின்னுல போட்டு வச்ச காசு இது. எண்ணூத்திப் பன்னெண்டு வெள்ளி இருக்கு. ஏமாந்துடாம வாங்கணும். நீங்க கூட வரணும் சார்" என்றார்.

என்னை ஏன் அழைத்தார் தெரியுமா? நான் ஏமாந்தவன் என்பது அவருக்குத் தெரியும்! அவர் தம்பி எங்கள் பள்ளியில் படித்த காலத்தில், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் 980 வெள்ளிக்கு நானே ஒரு புதுப்பெட்டி வாங்கி வந்தேன். கண்ணாடி போன்ற மெருகு, முகப்பில் 9 குமிழ்கள், ஓரமெல்லாம் பூவேலை. கடையில் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்ததோடு சரி. ஆறே மாதத்தில் துருத்தி மூச்சு வாங்கத் தொடங்கியது. திறந்து பார்த்தபோதுதான் 9 குமிழ்களில் மூன்றுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் குச்சி என்பது தெரிந்தது. ஊரார் பணம்! அந்தப் பெட்டி இன்னும் பள்ளிப் பொருளறையில் இருக்கிறது. அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த வெட்கத்தால் பிறகு நான் கற்றுக்கொண்டதையும், அந்த மாணவருடன் மூன்று பெட்டிகளைப் பார்த்து வந்த கதையையும் உங்களுக்குச் சொல்கிறேன். கித்தார் வாங்குவது வேறு கலை. அதில் கழுத்தும் கம்பியும்தான் பேச்சு. இங்கே ஆர்மோனியத்தை மட்டும் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஆர்மோனியம் பிறந்தது பாரிசில். அலெக்சாண்டர் தெபான் என்பவர் 1840இல் அதற்கு உரிமை பெற்றார். அது காலால் மிதிக்கும் பெரிய பெட்டி. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும் நம்முடைய பெட்டி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் கையில் உருவானது.

அதன் வேலை எளிது. பின்பக்கத்துத் துருத்தியை அழுத்தினால் காற்று, பெட்டியின் அடியில் இருக்கும் உள் துருத்திக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வில்கம்பிகள் அந்தக் காற்றை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்கும். முகப்புக் குமிழை இழுத்தால் காற்று ரீடுகள் இருக்கும் அறைக்குள் போகிறது. ரீடு என்பது பித்தளைத் தகட்டில் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. நீங்கள் கட்டையை அழுத்தும்போது அதன் பின்னால் உள்ள மூடி எழும்புகிறது. காற்று நாக்கை அசைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த அசைவுதான் ஒலி.

ஆக, வாங்குபவர் பார்க்க வேண்டியவை மூன்றுதான்: காற்று நிற்கிறதா? நாக்குகள் சரியாகப் பேசுகின்றனவா? கட்டைகள் ஒழுங்காக எழுந்து தணிகின்றனவா? மெருகும் பூவேலையும் இந்த மூன்றில் எதற்கும் சாட்சியாகா.

எத்தனை கட்டை, எத்தனை ரீடு?

கடைக்காரர் முதலில் குழப்புவது இதில்தான். சாதாரணப் பெட்டியில் 37 கட்டைகள், அதாவது மூன்று ஸ்தாயி இருக்கும். 39, 42 கட்டைகள் உள்ளவையும் உண்டு. நம் சிறுமியின் சுருதி 5 கட்டை. 37 கட்டைப் பெட்டியில் நடு ஸ்தாயியின் 5 கட்டையில் ஸட்ஜம் வைத்தால், கீழே மந்தர ஸ்தாயி முழுதும் கிடைக்கும். மேலே தார ஸ்தாயி மத்திமம் வரை கிடைக்கும். தொடக்கக்காரருக்குச் சில ஆண்டுகளுக்கு இது தாராளம். மேல் பஞ்சமத்தைத் தொட்டு வாசிக்கும் நாள் வந்தால் 42 கட்டை உதவும். அதற்காக இப்போதே கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்து ரீடு வரிசை. ஒரே வரிசை உள்ள பெட்டி எடை குறைவு, விலையும் குறைவு. இரண்டு வரிசை இருந்தால் ஒரு கட்டைக்குக் கீழ் ஸ்தாயி நாக்கு ஒன்றும் நடு ஸ்தாயி நாக்கு ஒன்றும் சேர்ந்து ஒலிக்கும். நாதம் கனமாக இருக்கும். பாடப் பழகும் பிள்ளைக்கு இந்த இரட்டை ரீடு பெட்டி நல்லது. மூன்றாவது வரிசை வேண்டாம். அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும். பிஞ்சுக் கை சோர்ந்துவிடும்.

சுருதி மாற்றும் பெட்டி என்று ஒன்று உண்டு. கட்டை வரிசை முழுவதும் பக்கவாட்டில் நகரும். ஒரே விரல் பழக்கத்தில் எந்தச் சுருதிக்கும் வாசிக்கலாம். மேடைக் கலைஞருக்கு அது வசதி. ஆனால் நகரும் அமைப்பு என்பதால் கட்டைக்கும் மூடிக்கும் உள்ள பொருத்தம் நாளடைவில் தளர்கிறது. பழைய பெட்டியாக இருந்தால் இந்தத் தளர்ச்சி அதிகம். பழுது பார்க்கவும் கைதேர்ந்தவர் வேண்டும். அது மட்டுமல்ல, தொடக்கத்திலேயே இதில் பழகும் பிள்ளை ஒரே இடத்து விரல்களை மட்டும் அறிந்துகொண்டு மற்றக் கட்டைகளைக் கற்காமலே போய்விடும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் ஸ்தாயிக்கு 12 நிலையான சுரங்கள். கமகம் என்னும் அசைவு அதில் வராது. ஆகவே பிள்ளை பாட்டைப் பெட்டியிடம் கற்பதில்லை, ஆசிரியரிடம் கற்கிறது. பெட்டி, குரல் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும். அந்த இடம் தவறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நம் கவலை.

பெயர்ப் பலகையை எவ்வளவு நம்பலாம்?

கல்கத்தாவின் துவார்கின், பக்ராசி. டில்லியின் பினா, டி.எம்.எஸ்.; மும்பையின் பலோமா ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். பெயர் உள்ள பெட்டிக்கு ஒரு நன்மை உண்டு: மீண்டும் விற்கும்போது வாங்க ஆள் கிடைக்கும். ஆனால் ஒரே பெயரில் ஒற்றை ரீடு எளிய பெட்டியும் வரும், பலமடங்கு விலையுள்ள பெட்டியும் வரும். முகப்பில் இருப்பது திருகாணியில் பூட்டிய ஒரு சிறு தகடு. அதைக் கழற்றி வேறு பெட்டியில் பூட்ட ஐந்து நிமிடம் போதும். 'ஜெர்மன் ரீடு' என்ற சொல்லும் அப்படியே. பழைய பெட்டிகளில் ஐரோப்பிய ரீடுகள் இருப்பது உண்மைதான். இந்தியாவிலும் குஜராத்தின் பாலிதானா என்ற ஊர் ரீடுகளுக்குப் பெயர் பெற்றது. ஆனால் வாயால் சொல்வதற்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. தகட்டில் முத்திரை இருந்தால் பார்க்கலாம். இல்லையேல் காதால் கேட்டு முடிவு செய்யலாம்.

முதல் பெட்டி: நகரத்துக் கடையில்

நாங்கள் முதலில் போனது நகரத்துக் கடைக்கு. புதிய பெட்டி, இரட்டை ரீடு, 7 குமிழ், விலை 1,150 வெள்ளி. மாணவர் கையில் இருந்ததைவிட 338 வெள்ளி அதிகம். கடைக்காரர் தவணைக்குத் தருவதாகச் சொன்னார். சிறுமியின் கண்கள் அந்தப் பெட்டியை விட்டு அகலவில்லை.

பெட்டி மோசமில்லை. காற்று நன்றாக நின்றது. ஆனால் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரீடுகளைச் சுரம் கூட்டும்போது பித்தளையைச் சுரண்டுகிறார்கள். புதிதாகச் சுரண்டிய நாக்கு வாசிக்க வாசிக்கச் சற்றே நகரும். ஆகவே புதுப்பெட்டிக்கு ஓராண்டு அளவில் மீண்டும் சுரம் கூட்ட வேண்டி வரும். அதை யார் செய்வார், என்ன செலவு என்று கேட்டேன். "அதெல்லாம் வெளியிலதான் பார்க்கணும் சார்" என்றார் கடைக்காரர். நேர்மையான பதில்தான். கையில் 812 வெள்ளியை வைத்துக்கொண்டு தவணையும் கட்டி, பிறகு சுரம் கூட்டவும் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குத் தாங்காது. நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

பழைய பெட்டியின் சிறப்பு இதில் இருக்கிறது. பல ஆண்டு வாசிக்கப்பட்ட பெட்டியின் நாக்குகள் தம் இடத்தில் அமர்ந்துவிட்டிருக்கும். நன்றாக வைத்திருந்தால் சுரம் எளிதில் விலகாது. 'நன்றாக வைத்திருந்தால்' என்பதுதான் கேள்வி.

இரண்டாவது பெட்டி: காற்றுச் சோதனை

இரண்டாவது பெட்டி கிள்ளானில் ஒரு வீட்டில். சுருதி மாற்றும் பெட்டி, டில்லிப் பெயர்த் தகடு, கேட்ட விலை 700 வெள்ளி. கைப்பேசியில் வந்த படத்தில் அழகாக இருந்தது. நேரிலும் அழகுதான்.

அங்கே நான் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். கருவி எதுவும் வேண்டாம். இரண்டு படிகளாகச் செய்ய வேண்டும்.

முதல் படி: எல்லாக் குமிழ்களையும் உள்ளே தள்ளி மூடுங்கள். துருத்தியை மெதுவாக நான்கைந்து முறை அழுத்துங்கள். உள் துருத்தி நிறைந்ததும் கை தடுக்கப்படும். அதற்குமேல் பலவந்தம் கூடாது, தோல் கிழியும். இப்போது கையை எடுத்து மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிறகு மறுபடி அழுத்திப் பாருங்கள். உடனே கை தடுக்கப்பட்டால் காற்று உள்ளேயே இருக்கிறது. தடையின்றித் துருத்தி இறங்கினால் காற்று எங்கோ போய்விட்டது; துருத்தியிலோ உள் துருத்தியிலோ ஓட்டை என்று பொருள்.

இரண்டாம் படி: குமிழ்களை இழுத்துத் திறந்துவிட்டு, கட்டை எதையும் தொடாமல் அதே சோதனையைச் செய்யுங்கள். முதல் படியில் காற்று நின்று, இந்தப் படியில் நிற்காவிட்டால் குற்றம் துருத்தியில் இல்லை. கட்டைகளுக்குப் பின்னால் உள்ள மூடிகள் சரியாக மூடவில்லை. தொடாமலே ஏதாவது ஒரு சுரம் மெல்ல முனகினால் எந்த மூடி என்பதும் தெரிந்துவிடும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வெளித்துருத்தியின் மூலைத் தோல் கிழிந்திருந்தால் ஒட்டுப்போட அதிகச் செலவில்லை. ஒன்றிரண்டு மூடிகளில் கம்பளித் துணி தேய்ந்திருந்தாலும் மாற்றலாம். ஆனால் மூடிகள் பலவும் கசிகின்றன என்றால் அவை அமரும் பலகையே வளைந்திருக்கலாம். அதைச் சரிசெய்வது பெட்டியை மறுபடி செய்வது போன்றது.

கிள்ளான் பெட்டியில் முதல் படி நன்றாகவே இருந்தது. இரண்டாம் படியில் ஐந்து எண்ணுவதற்குள் காற்று போய்விட்டது. கட்டை வரிசையை அடுத்த சுருதிக்கு நகர்த்திப் பார்த்தேன். அங்கே மூன்று சுரங்கள் தாமாகவே ஒலித்தன. வீட்டுக்காரர், "வேகமாத் துருத்தி போட்டா ஒன்னும் தெரியாது சார்" என்றார். உண்மைதான், வேகமாகத் துருத்தி போட்டால் எந்த ஓட்டையும் தெரியாது. அதனால்தான் விற்பவர் வாசித்துக் காட்டுவதை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளையின் கை அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடும்?

மூன்றாவது பெட்டி: ஓய்ந்த கலைஞரின் வீட்டில்

பாட்டு அம்மையார் சொல்லி, மூன்றாவதாக ஒரு வீட்டுக்குப் போனோம். கோயில் பஜனைகளிலும் நாடகங்களிலும் பல ஆண்டுகள் வாசித்த ஒருவரின் வீடு அது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மனைவி பெட்டியின் மேல் போட்டிருந்த பழைய சேலைத் துணியை எடுத்தார். கறுத்துப்போன தேக்குப் பெட்டி. பூவேலை இல்லை. 37 கட்டை, இரட்டை ரீடு, முகப்பில் 5 குமிழ். பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. கேட்ட விலை 450 வெள்ளி.

முதலில் பெட்டியைத் தொடாமல் பார்த்தேன். நம் நாட்டின் ஈரப்பதத்தில் மரப்பெட்டிக்குப் பகைவர் பலர். அடிப்பலகையில் கரையான் மண்ணோ பொடியோ இருக்கிறதா, மூலைகளில் பசை விட்டிருக்கிறதா, துருத்தி மடிப்பை எலியோ கரப்பானோ கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மேல்மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் மூடிகளின் துணியும் தோலும் கெட்டிருக்கும். இந்தப் பெட்டியில் வாடை இல்லை. மரம் கெட்டியாக இருந்தது.

காற்றுச் சோதனை செய்தேன். முதல் படியிலேயே சிறு குறை: பத்து எண்ணியபின் துருத்தி பாதி தூரம் இறங்கியது. ஒரு மெல்லிய காகிதத் துண்டைத் துருத்தியின் மடிப்புகள் ஓரமாகப் பிடித்துக்கொண்டு மாணவரை அழுத்தச் சொன்னேன். எந்த ஓரத்திலும் காகிதம் ஆடவில்லை. பெட்டியின் அடியில், இடப்பக்கப் பின்மூலையில் பிடித்தபோது படபடவென்று ஆடியது. உள் துருத்தியின் மூலைத் தோல் காய்ந்து விரிந்திருந்தது. ஒட்டுப்போடக் கூடிய குறை. இரண்டாம் படியில் கசிவு கூடவில்லை. ஆகவே மூடிகள் நன்றாக இருக்கின்றன.

அடுத்து நாக்குகள். ஒரு குமிழை மட்டும் திறந்து கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக, மெல்லிய காற்றில் அழுத்த வேண்டும். பிறகு மற்ற வரிசையை மட்டும் திறந்து அதேபோல். இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். நல்ல நாக்கு தொட்டவுடன் பேசும். தாமதித்துப் பேசினால் நாக்கின் வளைவு சரியில்லை. கரகரத்தால் தூசியோ, நாக்கு ஓரத்தில் உரசுவதோ காரணம். பக்கத்துச் சுரங்களெல்லாம் சரியாக இருக்க, ஒன்று மட்டும் வெகுவாகக் கீழிறங்கிச் சத்தமும் மங்கியிருந்தால் அந்த நாக்கில் விரிசல் இருக்கலாம். அதை மாற்றத்தான் வேண்டும்.

இந்தப் பெட்டியில் நடு வரிசையில் ஒரு சுரம் பேசவே இல்லை. அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அவர் இருந்தப்ப எல்லாமே பேசும் தம்பி" என்றார். அவர் அனுமதியோடு திருகாணிகளைக் கழற்றி ரீடுப் பலகையைத் தூக்கினோம். அந்த நாக்கின் இடுக்கில் பஞ்சு போன்ற தூசி. மெல்லிய காகிதத்தை நாக்குக்கும் தகட்டுக்கும் இடையே ஒருமுறை நுழைத்து எடுத்தேன். நாக்கை விரலால் வளைக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. பலகையை மறுபடி பூட்டி அழுத்தியதும் சுரம் கணீரென்று வந்தது. அந்த அம்மா சிரித்தார்; சிறுமியும் சிரித்தாள்.

பலகை வெளியே இருந்தபோது நாக்குகளையும் பார்த்துக்கொண்டேன். நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும். ஆணியடிப் பக்கம் சுரண்டினால் இறங்கும். பலமுறை இரண்டு பக்கமும் சுரண்டப்பட்ட நாக்கு மெலிந்து, சீக்கிரம் முறியும். இந்தப் பெட்டியில் மெல்லிய பழைய கீறல்கள் மட்டுமே இருந்தன. பச்சைக் களிம்பும் இல்லை.

சுரம் சேர்கிறதா?

இரண்டு வரிசைகளையும் சேர்த்துத் திறந்து ஒரே கட்டையை நீளமாக ஒலிக்கவிடுங்கள். இரண்டு நாக்கும் ஒன்றுக்கொன்று சேர்ந்திருந்தால் ஒலி நேர்கோடு போல நிற்கும். விலகியிருந்தால் 'வாவ் வாவ்' என்று அலை எழும். அலை வேகமாக இருந்தால் விலகல் அதிகம். ஸட்ஜத்தையும் மேல் ஸட்ஜத்தையும் சேர்த்து வாசித்தும் இதே சோதனை செய்யலாம்.

மூன்றாவது பெட்டியில் நான்கு கட்டைகளில் மெதுவான அலை இருந்தது. மற்றவை நன்றாகச் சேர்ந்தன. ஆனால் வேறொன்று தெரிந்தது. கைப்பேசியில் சுரம் பார்க்கும் செயலியைத் திறந்து 6 கட்டையை வாசித்தேன். இன்றைய வழக்கில் அது 440 என்று காட்ட வேண்டும். இந்தப் பெட்டி 447 என்று காட்டியது. எல்லாச் சுரமும் அதே அளவு ஏறியே இருந்தன. பழைய பெட்டிகள் சில இப்படிக் கூடவோ குறையவோ இருக்கும்.

இது குறையா? யோசித்துப் பாருங்கள். தனியாக அமர்ந்து பாடும் பிள்ளைக்கு இது தடையே அல்ல. பெட்டிக்குள் சுரங்கள் ஒன்றுக்கொன்று சேர்ந்திருக்கின்றன. ஆனால் மின்சாரச் சுருதிப்பெட்டியோ, கீபோர்டோ, புல்லாங்குழலோ உடன் வாசித்தால் ஒத்துப்போகாது. எல்லா நாக்குகளையும் 440க்கு இறக்க வேண்டுமானால் 74 நாக்குகளைச் சுரண்ட வேண்டும். நல்ல நாக்குகளை அதற்காகச் சுரண்டுவது புத்திசாலித்தனம் அல்ல. பாட்டு அம்மையாரைத் தொலைபேசியில் கேட்டோம். "வகுப்பில் என் பெட்டி, வீட்டில் அவள் பெட்டி. இரண்டையும் சேர்த்து வாசிக்கப் போவதில்லை, எடுத்து வாருங்கள்" என்றார்.

கட்டைகள்

கடைசியாகக் கட்டைகளை ஓரக்கண்ணால் மட்டம் பார்த்தேன். ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்ந்து நின்றால் உள்ளே கம்பி தளர்ந்திருக்கிறது. ஒரு கட்டையை அழுத்தும்போது பக்கத்துக் கட்டையும் கூடவே இறங்கினால் மரம் ஈரத்தில் உப்பி உரசுகிறது. மெதுவாக எழுந்தாலும் அதே காரணம்தான், அல்லது வில் சோர்ந்திருக்கும். இந்தப் பெட்டியில் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டைகள் விரல் பட்டுப் பட்டுச் சற்றே குழிந்திருந்தன. அது குறையல்ல, அந்த மனிதர் வாசித்த கணக்கு.

விலை முடிவு செய்த விதம்

வெளியே வந்து மாணவரும் நானும் கணக்குப் போட்டோம். உள் துருத்தியின் மூலைக்கு ஒட்டுப்போட, பழுது பார்ப்பவர் தொலைபேசியில் சொன்ன தொகை 90 வெள்ளி. நான்கு சுரங்களைச் சேர்க்க 40 வெள்ளி. ஆக 130. பெட்டி 450 என்றால் மொத்தம் 580 ஆகும். கடையில் இருந்த புதுப்பெட்டியின் விலையில் ஏறத்தாழப் பாதி. இரட்டை ரீடு, தேக்கு மரம், நிலைத்துப்போன நாக்குகள். பெயர்த் தகடு இல்லை, 440 இல்லை. பழைய பெட்டி எதற்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: கேட்கும் விலையோடு பழுதுச் செலவையும் கூட்டுங்கள், கூட்டிய தொகை அதே தரத்துப் புதுப்பெட்டியில் பாதியைச் சுற்றி நின்றால் வாங்கலாம். முக்கால் பங்கைத் தொட்டால் விட்டுவிடுங்கள். கிள்ளான் பெட்டி பழுதுக்கு முன்பே 700 வெள்ளி!

மாணவர் 350க்குக் கேட்கலாமா என்றார். கேட்டிருந்தால் அந்த அம்மா கொடுத்தும் இருப்பார். ஆனால் கண்ட குறைகளை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். பழுதுச் செலவில் பாதியைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டோம். 385 வெள்ளிக்கு முடிந்தது. பழுதுக்குக் கொடுத்ததுபோக டின்னில் 297 வெள்ளி மிஞ்சியது. அது பாட்டு வகுப்புச் சம்பளத்துக்கு ஆயிற்று.

பழுது முடிந்து வந்த அன்று மறுபடி ஒரு சோதனை செய்தேன். உள் துருத்தியை நிரப்பி, ஒரு வரிசையை மட்டும் திறந்து, ஒரு கட்டையை அழுத்தி எண்ணினேன். முன்பு 8 எண்ணும் வரை ஒலித்தது இப்போது 17 வரை நின்றது. பழுது பார்க்கக் கொடுக்கும் முன் இப்படி எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடந்திருக்கிறதா என்பதற்கு அதுவே ரசீது.

வீட்டுக்கு வந்த பின்

பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள். பலகை மேல் வையுங்கள். சமையலறைப் பக்கமோ வெயில் விழும் சன்னல் பக்கமோ வேண்டாம். வாசித்து முடித்ததும் துருத்தியை அழுத்தி மூடிக் கொக்கியை மாட்டி, குமிழ்களைத் தள்ளி, துணி போட்டு மூடுங்கள். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது.

மற்றொன்றை அந்த அம்மா சொன்னார். லோரியில் பெட்டியை ஏற்றும்போது சிறுமியின் தலையைத் தடவிக்கொண்டே, "பாப்பா, தினமும் தொறந்து வாசிக்கணும்மா. வாசிச்சா கெடாது, மூடி வச்சாதான் கெட்டுப்போவும்" என்றார். இரண்டு ஆண்டுகள் மூடியிருந்ததால்தான் அந்த ஒரு நாக்கில் தூசி அடைந்தது, மூலைத் தோலும் காய்ந்தது. அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

அடுத்த விடுமுறையில் எங்கள் பள்ளிப் பொருளறையில் கிடக்கும் அந்த 9 குமிழ்ப் பெட்டியையும் திறந்து இரண்டு படிச் சோதனையைச் செய்து பார்த்தேன். முதல் படியிலேயே காற்று போயிற்று. இரண்டாம் படியில் அதற்குமேல் கூடவில்லை. ஆக, குற்றம் துருத்தியில் மட்டும்தான்! இத்தனை ஆண்டுகள் தீர்க்கக் கூடிய குறையைத் தீராத குறை என்று நினைத்துப் பூட்டி வைத்திருக்கிறேன். அதுவும் இப்போது பழுது பார்ப்பவர் வீட்டில் இருக்கிறது.